இடது கேஸ்டர்

ஏழு மாதத்தில் இரண்டாவது ஜோடி முன் டயரும் தேய்ந்துவிட்டது என்று டயர் கடைக்காரர் சொன்னபோது அவள் நம்பவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரர் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி டயரின் உள்விளிம்பைக் காட்டினார். அங்கே ரப்பர் வழுக்கையாகி, ஓரிடத்தில் உள்ளே இருக்கும் நூலே எட்டிப் பார்த்தது. புது டயர் விற்க ஆசைதான், ஆனால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் போட்டால் அதுவும் இப்படித்தான் ஆகும் என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார்.

அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை கொடுப்பவள். பக்கவாதம் வந்தவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், இடுப்பு உடைந்தவர்கள் என்று ஒரு நாளைக்கு ஆறு வீடு. சில நாள் நோயாளியையே பின்சீட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள். கார் இல்லாமல் பிழைப்பு இல்லை. அந்தக் கார் அக்கா வீட்டிலிருந்து வந்தது. ஒன்பது மாதத்துக்கு முன் அக்காவின் கணவர், மருந்துக்கடை வைத்திருக்கும் அத்தான், இனித் தங்களுக்குக் கார் தேவையில்லை என்று சொல்லி அவளுக்கே விற்றார். அன்றிலிருந்து அது இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. ஸ்டீயரிங்கை எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தே ஓட்டிப் பழகிவிட்டாள். மாலையில் முன்கை வலிக்கும். அடுத்தவர் கையைப் பிடித்துவிடுகிறவளுக்குத் தன் கையைப் பிடித்துவிட ஆள் இல்லை என்று நோயாளிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். அத்தான் வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று உறவுக்காரர்களிடம் அவள் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அது அவர் காதுக்கும் போயிருந்தது. அவர் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அலைன்மென்ட் கடை ஒரு நீளமான கொட்டகை. முன்னால் கண்ணாடி அறை, உள்ளே மூன்று நாற்காலி, தண்ணீர் கேன். பின்னால் இரண்டு இரும்பு மேடைகள். கண்ணாடி அறையில் இருந்த மேனேஜர் அவள் சொன்னதைப் பாதி கேட்டதுமே ஒரு அட்டையை நகர்த்தினார். நாலு சக்கர அலைன்மென்ட், பேலன்சிங், நைட்ரஜன் காற்று, கேம்பர் கரெக்‌ஷன், எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். உள்விளிம்பு தேய்ந்தால் கேம்பர் போயிருக்கிறது என்று அர்த்தம், கரெக்‌ஷன் பண்ணினால் சரியாகிவிடும் என்றார். கேம்பர் என்றால் என்ன என்று அவள் கேட்டாள். சக்கரத்தோட ஆங்கிள் மேடம் என்றார். எந்த ஆங்கிள் என்று கேட்டாள். மேனேஜர் கண்ணாடிக்கு வெளியே பார்த்து, டிகிரி என்று கூப்பிட்டார்.

டிகிரி என்பது மெஷின் பார்ப்பவரின் பட்டப்பெயர். ஐம்பது வயதிருக்கும். கல்லூரிப் பக்கம் போகாதவர். காலையிலிருந்து மாலைவரை அவர் வாயிலிருந்து வரும் சொல் அதுதான் என்பதால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பேக்கேஜ் அட்டையைப் பார்த்துவிட்டு, அளந்து பார்க்காமல் எதையும் திருப்ப முடியாது, முதலில் அளந்துவிடுவோம் என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் டிகிரியிடம் வாய் கொடுத்து ஜெயித்ததாக அந்தக் கடையில் சரித்திரம் இல்லை.

அவர் முதலில் நாலு டயரிலும் காற்று பார்த்தார். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு சக்கரமாக மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் எதுவும் இல்லை. கையால் சுழற்றிப் பார்த்தார். பிரேக் எங்கும் பிடிக்கவில்லை. பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி வண்டியைப் பின்புறச் சாலைக்கு ஓட்டிப் போனார். சாலை மழைத்தண்ணீர் வடிவதற்காக ஓரத்துக்குச் சரிந்திருக்கும், அதனாலும் வண்டி இழுப்பதுபோல் தெரியும் என்று சொல்லி, நடுவில் சமமாக இருந்த இடம் பார்த்து ஸ்டீயரிங்கை லேசாக விட்டார். வண்டி இடப்பக்கம் நகர்ந்தது. கடைக்குத் திரும்பி, முன் சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்தார். அப்போதும் இடப்பக்கம்தான். டயர் இழுப்பதாக இருந்தால் இப்போது வலப்பக்கம் போயிருக்க வேண்டும், ஆகவே குற்றம் டயரில் இல்லை என்றார்.

வண்டியை மேடையில் ஏற்றி, முன் சக்கரங்களைச் சுழலும் தட்டுகள்மேல் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் அளவெடுக்கும் கவ்விகளை மாட்டினார். அவள் கண்ணாடி அறைக்குப் போகாமல் அங்கேயே நின்றாள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டார். சொன்னாள். அப்படியானால் உங்களுக்குச் சொல்வது சுலபம் என்றார்.

"ஒரு ஆள் நடந்து வர்றதைப் பாக்குறீங்க. பாதம் நேரா இருக்கா, உள்பக்கம் பாக்குதா, வெளிப்பக்கம் பாக்குதா. அதுதான் டோ. மேலேயிருந்து பாத்தாத் தெரியும். ரெண்டு முன்சக்கரமும் மூக்கை உள்ள திருப்பியிருந்தா டோ இன். வெளிய திருப்பியிருந்தா டோ அவுட்."

"கேம்பர்?"

"அதே ஆளை எதிர்ல நின்னு பாருங்க. கால் செங்குத்தா இருக்கா, சாஞ்சிருக்கா. சக்கரத்தோட தலை உள்பக்கம் சாஞ்சா நெகட்டிவ், வெளிய சாஞ்சா பாசிட்டிவ். ரொம்பச் சாஞ்சா அந்தப் பக்கத்து விளிம்பு தேயும். ரெண்டு பக்கமும் ஒரே அளவா இல்லைன்னா வண்டி இழுக்கும்."

மூன்றாவதைச் சொல்ல அவர் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த தன் சைக்கிளைக் காட்டினார். அதன் முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லை. கைப்பிடியிலிருந்து முன்னால் சரிந்து இறங்குகிறது. அதனால்தான் கையை விட்டாலும் சைக்கிள் கொஞ்ச தூரம் நேராகப் போகிறது. காரிலும் சக்கரம் திரும்புவதற்கு ஒரு அச்சு இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதன் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புவது இதனால்தான். டயரை இது பெரிதாகத் தின்பதில்லை. ஆனால் ஒரு பக்கம் குறைந்து போனால், குறைந்த பக்கமாக வண்டி போகும்.

பேசிக்கொண்டே வண்டியைக் கொஞ்சம் பின்னால் உருட்டி முன்னால் கொண்டுவந்தார். பிரேக்கை அழுத்தி ஒரு கம்பியால் முட்டுக் கொடுத்தார். கேஸ்டர் அளப்பதற்காக ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பி நிறுத்தினார், வலப்பக்கம் திருப்பி நிறுத்தினார். பிறகு நடுவில் வைத்துப் பூட்டினார். மெஷினின் திரையில் எண்கள் வந்தன. பச்சை, பச்சை, சிவப்பு.

பின்சக்கரங்கள் இரண்டும் பச்சை. இந்த மாதிரி வண்டியில் பின்னால் திருப்பிச் சரிசெய்ய எதுவும் கிடையாது, இருந்தாலும் அளக்க வேண்டும் என்றார் டிகிரி. பின்சக்கரம் எந்தத் திசையில் தள்ளுகிறதோ அதை வைத்துத்தான் முன்சக்கரத்தை நேராக்க முடியும். அதைப் பார்க்காமல் முன்னால் மட்டும் சரிசெய்தால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், சில வண்டி நண்டு மாதிரிக்கூடப் போகும்.

முன்சக்கரங்களின் கேம்பரும் பச்சை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடி அறைக்குத் திரும்பினார்.

டோ சிவப்பு. இரண்டு சக்கரமும் வெளியே பார்த்தன, சேர்த்து 0.65 டிகிரி. அது ஒரு டிகிரிகூட இல்லையே என்றாள். டிகிரி அவள் உள்ளங்கையை டயர்மேல் வைத்துத் தேய்க்கச் சொன்னார். ஒரு திசையில் வழுவழுப்பு. எதிர்த்திசையில் ரம்பப் பல்.

"ஒரு கிலோமீட்டர் நீங்க நேரா போறீங்க. அதுல ஒவ்வொரு டயரும் அஞ்சு மீட்டருக்கு மேல பக்கவாட்டுல இழுபடுது. உங்க டயரைத் தின்னது இதுதான். சக்கரத்தை ஸ்டீயரிங்கோட இணைக்கிற டை ராடைத் திருப்பினாச் சரியாயிடும், பத்து நிமிஷ வேலை."

"அப்ப முடிச்சிடலாமே?"

"முடிச்சிடலாம். டயர் தேயாது. ஆனா இழுக்குறது நிக்காது."

அவர் திரையில் இன்னொரு சிவப்புக் கட்டத்தைத் தொட்டார். கேஸ்டர், வலது 3.8. இடது 2.5. இந்த வண்டியில் கேஸ்டரை மாற்றத் திருகாணி எதுவும் கிடையாது என்றார். மாறியிருந்தால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது. அவளைக் கூட்டிப் போய் வலது முன்சக்கரத்துக்கும் அதன்மேல் கவிந்திருக்கும் பாடி வளைவுக்கும் இடையே, பின்பக்கம், விரல்களை நுழைத்துப் பார்க்கச் சொன்னார். நாலு விரல் போனது. இடப்பக்கம் மூன்று விரல்தான் போனது. இடது சக்கரம் ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளி நின்றது. இத்தனை நாள் அந்தப் பக்கமாக நடந்துபோயும் அது கண்ணில் படவில்லை.

டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போனார். சக்கரத்தை உடலோடு இணைக்கும் இரும்புக் கை ஒன்று இருந்தது. லோயர் ஆர்ம் என்றார். அதன் ஓரத்தில், துணியை மடக்கினாற்போல் ஒரு சுருக்கம். சுருக்கத்தில் பெயின்ட் உதிர்ந்து துரு ஏறியிருந்தது.

"இந்த வண்டி எங்கேயாவது இடிச்சிருக்கா, மேடம்?"

இல்லை என்றாள்.

"இடது முன்சக்கரம் எது மேலேயோ பலமா மோதியிருக்கு. பாலத்துக் கட்டை, இல்ல பிளாட்பாரம். பாடியைத் தட்டிப் பெயின்ட் அடிச்சவங்க இதைப் பாக்கல. ஸ்டீயரிங் நேரா நிக்கிற மாதிரி டோவைக் கண்ணால பாத்துத் திருப்பி விட்டிருக்காங்க."

ஆர்மை மாற்றாமல் அலைன்மென்ட் செய்தால் பணம் தண்டம், மாற்றியதும் மறுபடி முழுக்கச் செய்ய வேண்டிவரும் என்று சொல்லி, அளந்த தாளை அச்செடுத்துக் கொடுத்தார். அதுவரை வேகமாக ஓட்ட வேண்டாம், பின்சீட்டில் யாரையும் ஏற்ற வேண்டாம் என்றார். இரும்பு ஒருமுறை மடங்கிய இடத்தில் பழைய பலம் இருக்காது.

அந்தத் தாளோடு அவள் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். மாலை ஐந்தரை மணி. அத்தான் மருந்துக்கடையிலிருந்து காபிக்கு வந்திருந்தார். நூலகத்தில் வேலை பார்க்கும் அக்கா அப்போதுதான் திரும்பியிருந்தாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. தங்கை உட்காரவில்லை. தாளை அத்தான் முன் விரித்து வைத்து, வண்டியை இடித்ததை மறைத்து என் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்றாள். இடுப்பு உடைந்த ஒரு அம்மாளைப் போன வாரம் இதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எண்களைப் பார்த்தார். மருந்துச் சீட்டு படித்துப் பழகிய கண். சிவப்பு எங்கே என்று உடனே கண்டுகொண்டார்.

"நான்தான் இடிச்சேன்," என்றார். "பாலத்துச் சுவர்ல. போன வருஷக் கடைசியில. வொர்க்‌ஷாப்காரன் எல்லாம் பாத்தாச்சு, அலைன்மென்ட்டும் பண்ணியாச்சுன்னு சொன்னான். நம்பிட்டேன்."

போன வருடக் கடைசி என்றதும் அவள் மனம் வேறொரு கணக்குக்குப் போனது. அக்கா மாடிப்படியில் விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டதும் அப்போதுதான். கட்டுப் பிரித்த பிறகு எட்டு வாரம் அவள்தான் அந்தத் தோளுக்குப் பயிற்சி கொடுத்தாள். விரலால் சுவரில் ஊர்ந்து ஏறச் சொல்லி, துண்டைப் பிடித்து இழுக்கச் சொல்லி, தினமும். எலும்பு உடைந்தது படியிலா, வண்டியிலா என்று கேட்டாள். அத்தான் மென்று விழுங்கினார். வண்டியில்தான் என்றார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பெல்ட் இறுக்கியதில் உடைந்துவிட்டது, வீட்டில் எல்லாரும் பயப்படுவீர்கள் என்பதால் மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லிவிட்டோம் என்றார்.

இந்த ஊர் வண்டிகளில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருவார். அவர் பெல்ட் வலது தோளில் தொடங்கும். பக்கத்தில் இருப்பவருக்கு இடது தோளில். எட்டு வாரம் அவள் தொட்ட தோள் வலது தோள்.

"அத்தான், அக்காவுக்கு உடைஞ்சது வலது பக்கம்."

"ஆமா."

"பக்கத்து சீட்டுல இருந்தா இடது பக்கம்தானே பெல்ட் வரும்?"

மனிதர் பொய் சொல்லிப் பழகாதவர். அடுத்த பொய்யைத் தேடிக் காபி டம்ளருக்குள் பார்த்தார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா அடுப்படி வாசலுக்கு வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அவரை விடு. நான்தான் ஓட்டினேன்," என்றாள்.

அக்காவுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவள் தங்கைதான். மூன்று மாதம், ஞாயிறுதோறும். கண்ணாடியைப் பார், கிளட்சை விடாதே, எத்தனை தடவை சொல்வது என்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்கும். லைசென்ஸ் வந்த அன்று, இன்னும் ஆறு மாதம் மெயின் ரோடு பக்கம் தனியாகப் போகாதே, உனக்குக் கை வரவில்லை என்று சொல்லியிருந்தாள். அக்கா மூன்றாவது வாரமே போனாள். பாலத்தில் எதிரே தப்பான பக்கம் ஒரு பைக் வந்தது. இடப்பக்கம் ஒடித்தாள். பைக்காரனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நிற்காமல் போய்விட்டான். வண்டியில் அவள் தனியாக இருந்தாள்.

"உங்கிட்ட சொன்னா நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். எலும்பு உடைஞ்சதுகூடப் பொறுத்துக்கலாம். அதைக் கேக்க முடியாது. அதான் இவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

கார் கண் முன்னால் நிற்கக் கூடாது என்று விற்கச் சொன்னவளும் அக்காதான். தங்கைக்கே விற்றால் நல்ல கையில் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். வண்டி முழுக்கச் சரியாகிவிட்டது என்று நம்பியிருக்கிறாள். இழுக்கிறது என்று தங்கை குறை சொல்லும்போதெல்லாம், அது தங்கையின் வழக்கமான குறை என்று இருந்துவிட்டாள். ஒன்பது மாதமாக வசவை அத்தான் வாங்கிக்கொண்டார்.

தங்கைக்குக் கோபம் இருந்தது, ஆனால் அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. நான் அப்படியா கத்துவேன் என்று கேட்டாள். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் டம்ளரைப் பார்த்தார். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் அத்தானிடம், ஊரெல்லாம் உங்களைப் பற்றிப் பேசியது தப்பு என்றாள். அவர், நீ ஒருத்தி பேசினால் எனக்கு மருந்து விற்காமலா போய்விடும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

அடுத்த வாரம் ஆர்மை மாற்றினார்கள். அலைன்மென்ட் கடைக்குப் பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் செய்தார். தங்கை கூப்பிடவில்லை, அக்காவாகவே நூலகத்தில் அரை நாள் விடுப்புப் போட்டுக் கூட வந்தாள். கண்ணாடி அறையில் உட்காராமல் மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். கழற்றிய பழைய ஆர்மையும் புதியதையும் டிகிரி தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வித்தியாசம் இரண்டு விரல்கூட இல்லை. அக்கா குனிந்து பழையதைத் தூக்கினாள். வலது கையால்தான் தூக்கினாள், தோள் பிடிக்கவில்லை என்பதைத் தங்கை கவனித்தாள்.

அக்கா டிகிரியிடம் ஒன்று கேட்டாள். இது இடிப்பதற்கு முன்பே வளைந்திருக்குமா. வண்டி முன்பே இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்து, அதனால்தான் சுவருக்குப் போயிருக்குமா.

தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. டிகிரி சுருக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரே அடியில மடங்கின மாதிரிதான் தெரியுது. அதுக்கு முன்னாடி வண்டி எப்படி இருந்துச்சுன்னு இதைப் பாத்துச் சொல்ல முடியாதும்மா. அப்ப அளந்த தாள் இருந்தாச் சொல்லலாம்."

அப்படி ஒரு தாள் இல்லை. அக்கா சரி என்று தலையாட்டி ஆர்மைக் கீழே வைத்தாள். எதிரே ஒருவன் தப்பாக வந்தால் யாராக இருந்தாலும் ஒடிக்கத்தான் செய்வார்கள் என்று தங்கை சொன்னாள். இதைச் சொல்ல அவளுக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. அக்கா அதற்கும் சரி என்றாள்.

மறுபடி கவ்விகள், தட்டுகள், இடப்பக்கம் ஒரு திருப்பு, வலப்பக்கம் ஒரு திருப்பு. இடது கேஸ்டர் 3.6. வலது அதே 3.8. இவ்வளவு வித்தியாசம் வண்டிக்குத் தெரியாது என்றார் டிகிரி. பிறகு மேடைக்குக் கீழே போய் டை ராடின் நட்டைத் தளர்த்தி, திரையைப் பார்த்துப் பார்த்து முறுக்கினார். சிவப்பாக இருந்த டோ பச்சையாகி, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நட்டை இறுக்கிய பிறகும் ஒருமுறை பார்த்தார், இறுக்கும்போது நகர்ந்துவிடுமாம். மேனேஜர் நைட்ரஜன் காற்றை மட்டும் ஒரு தடவை ஞாபகப்படுத்தினார். வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார்.

திரும்பும்போது தங்கைதான் ஓட்டினாள். நேரான சாலை வந்ததும் வழக்கம்போல் வலப்பக்கம் பிடித்தாள், வண்டி வலப்பக்கம் போனது. கையைத் தளர்த்திய பிறகுதான் நேரானது. பழைய பழக்கம் போக நாலைந்து நாள் ஆயிற்று. அன்று வழியில் வண்டியை ஓரம் நிறுத்திச் சாவியை நீட்டி, நீ ஓட்டிப் பார்க்கிறாயா என்று கேட்டாள். இன்றைக்கு வேண்டாம் என்று அக்கா சொன்னாள். தங்கை மறுபடி கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண் பயிற்சியாளர் ஒருவரிடம் அக்கா மறுபடி சேர்ந்தாள். அத்தான் சொல்லித்தான் தங்கைக்குத் தெரிந்தது. அக்கா போட்ட ஒரே நிபந்தனை, வகுப்பு நடக்கும் நாளில் தங்கை வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்பது. தங்கை அந்த நாட்களை டைரியில் குறித்துவைத்து, அந்த நேரத்துக்கு ஊரின் மறுகோடியில் இருக்கும் நோயாளிகளைப் போட்டுக்கொண்டாள்.